“வழக்கம்போல நம்ம நடையிலயே எழுதிடுங்க”: மாதிரி இல்லாமல் வரும் வேலை

கடலூரில் பிறருக்காக எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. பணி ஓய்வு விழாவுக்கு நன்றியுரை, பள்ளி மலருக்கு வாழ்த்துரை, கோயில் கமிட்டிக்குக் கடிதம், சங்கத்துக்கு ஆண்டறிக்கை, இப்படி. கேட்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: “நான் வழக்கமா எழுதுற மாதிரியே இருக்கணும்.” சரி என்று தலையாட்டிவிட்டு வருவேன். அவர்கள் எழுதிய ஒரு வரியைக்கூட நான் பார்த்திருக்க மாட்டேன்.

இந்தக் கோரிக்கையில் எங்கே சிக்கல் இருக்கிறது என்பதை ஒரே ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கடிதத்தில் நான் முதலில் தவறு செய்தேன்.

மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருவார்கள். கூட்டம் விடியலிலிருந்தே சேரும். அங்கே பல வருடங்களாகப் பந்தல் போட்டுச் சாப்பாடு போடும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. அதை நடத்துபவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒவ்வொரு தை மாதமும் ஊரிலும் வெளியூரிலும் இருக்கும் அறுபது எழுபது பேருக்கு அவரே கைப்பட ஒரு கடிதம் எழுதி, நகலெடுத்து அனுப்புவார். அதைப் படித்துத்தான் பணமும் அரிசியும் வரும். அந்த வருடம் அவருக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, புதுசா ஒண்ணும் வேணாம். வழக்கம்போல நம்ம நடையிலயே எழுதிடுங்க.”

“ஐயா சொன்னா எழுதிக்கிறேன்” என்றேன்.

“சொல்லச் சொல்ல எழுதினா பேச்சாப் போயிடும். நீங்களே எழுதுங்க. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.”

அவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். அந்தத் தெரிதல்தான் என்னை ஏமாற்றியது. பழைய கடிதம் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால், இத்தனை நாள் பழகியும் என்னைத் தெரியவில்லையா என்று அவர் வருத்தப்படுவாரோ எனத் தயங்கினேன். கேட்காமலே வீட்டுக்கு வந்து எழுதினேன். முதல் வாக்கியம் இது:

“நிகழும் மங்களகரமான மாசித் திங்களில் நடைபெறவுள்ள மாசி மகத் தீர்த்தவாரிப் பெருவிழாவை முன்னிட்டு, வழக்கம்போல் நமது பகுதியில் நடத்தப்படும் மாபெரும் அன்னதான நிகழ்ச்சிக்குத் தாங்கள் தாராளமாக நன்கொடை வழங்கி ஆதரவு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் இலக்கணப் பிழை இல்லை. பெரியவர் கடிதத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சுவத்துல ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு. நான் எழுதினதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க” என்றார். எந்த இடம் சரியில்லை என்று கேட்டேன். அவரால் காட்ட முடியவில்லை. எல்லாமே சரியாக இருக்கிறது, ஆனால் அதில் தன்னைக் காணோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

நான் எழுதியது அவர் நடை இல்லை, அவரைப் போன்றவரின் நடை. வயதானவர், கோயில் காரியம், நன்கொடை என்ற மூன்று செய்திகள் மட்டும் என் கையில் இருந்தன. மாதிரி இல்லாத இடத்தை மனம் சும்மா விடாது. இந்த மூன்றுக்கும் பொதுவாக எது பொருந்துமோ அதைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். கோயில் கடிதம் என்றால் ‘மங்களகரமான’, வயதானவர் என்றால் ‘தாங்கள்’, பணம் கேட்பது என்றால் ‘நல்குமாறு’. நூறு கடிதங்களில் படித்தவற்றின் சராசரி அது. ஒரு மனிதரின் நடை என்பதோ அந்தச் சராசரியிலிருந்து அவர் எங்கெல்லாம் விலகுகிறார் என்பதுதான். எத்தனை பழகியிருந்தாலும் அந்த விலகலை ஊகித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பத்து வருடப் பேச்சு ஏன் உதவவில்லை என்பதற்குத் தமிழில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்பார்கள். அவர் வாயில் ‘வந்துடுச்சி’ என்று வருவது பேனாவில் ‘வந்துவிட்டது’ என்று இறங்கும். இது ஒலி மாற்றம் மட்டும் இல்லை. பேச்சிலிருந்து எழுத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தனக்கென ஓர் இடத்தில் நிற்கிறார். சிலர் முழுக்கச் செந்தமிழுக்குப் போய்விடுவார்கள். சிலர் வினைமுற்றை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றிவிட்டு, ‘வருஷம்’, ‘அப்புறம்’, ‘கொஞ்சம்’ போன்ற சொற்களை அப்படியே விட்டுவிடுவார்கள். யார் எங்கே நிற்கிறார் என்பது பேச்சில் தெரியவே தெரியாது. பேச்சை அப்படியே இறக்கினால் ஆளைக் கேலி செய்வது போலாகிவிடும். “பேச்சாப் போயிடும்” என்று பெரியவர் சொன்னது இதைத்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம்தான் பழைய கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வருத்தப்படவே இல்லை. ஆனால் அவரிடம் ஒன்றும் இல்லை. இது எல்லாரிடமும் நடப்பதுதான். கடிதம் எழுதியவரிடம் இருக்காது, வாங்கியவரிடம்தான் இருக்கும். அதனால் மாதிரி கேட்கும்போது “உங்களிடம் இருக்கிறதா” என்பதோடு நிறுத்தாமல், “யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள்” என்றும் கேட்க வேண்டும். அவருடைய மருமகள் நாலைந்து பேருக்கு போன் செய்தார். வில்லியனூரில் இருக்கும் ஒரு டீச்சர் பூஜை அறை டிராயரில் மூன்று வருடக் கடிதங்களையும் மடித்து வைத்திருந்தார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன.

முதல் கடிதம் இப்படித் தொடங்கியது:

“போன வருஷம் வெயில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. காலை பத்து மணிக்கே மணலில் கால் வைக்க முடியவில்லை. அதனால் பந்தலைச் சாலையோரம் தள்ளிப் போட்டோம். மூன்று மூட்டை அரிசி சமைத்தோம், மீதி ஒன்றும் இல்லை.”

எண்ணிப் பாருங்கள். இதில் 25 சொற்கள். நான் எழுதிய வாக்கியத்திலும் 25 சொற்கள்தான். அவர் அதை நான்கு வாக்கியமாக்கி, எதுவும் ஏழு சொல்லைத் தாண்டாமல் எழுதியிருக்கிறார். நான் ஒரே வாக்கியத்தில் அடைத்திருக்கிறேன். என் வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில், ‘கேட்டுக்கொள்கிறோம்’. அதாவது முதல் மூச்சிலேயே கை நீட்டிவிட்டேன். அவர் இந்த நான்கு வாக்கியத்தில் எதையும் கேட்கவில்லை. முழுக் கடிதத்தில் கேட்பது ஒரே இடத்தில், கடைசிக்கு முந்தைய வரியில், “இந்த வருஷமும் கை கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்” என்று. தொகை எவ்வளவு என்று எங்கும் இல்லை. ‘நன்கொடை’ என்ற சொல்லும் மூன்று கடிதத்திலும் இல்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இரண்டாவது தவறைச் செய்திருப்பேன். முதல் கடிதத்தைப் பார்த்ததும், பெரியவர் வானிலையைச் சொல்லித் தொடங்குவார் போலிருக்கிறது என்று குறித்து வைத்தேன். இரண்டாவது கடிதம், சமையல்காரர் முதல் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டதில் தொடங்கியது. மூன்றாவது, பாத்திரம் ஏற்றி வந்த வண்டி வழியில் பஞ்சராகி நின்றதில். வெயில் என்பது தற்செயல். போன முறை எது இடறியது, அதை எப்படிச் சமாளித்தோம் என்று முதலில் சொல்லிவிடுவதுதான் பழக்கம். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு எது பழக்கம், எது அந்த நாளின் தற்செயல் என்று பிரிக்க முடியாது. இரண்டு இருந்தால் ஊகிக்கலாம். மூன்று இருந்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் குறைந்தது மூன்று மாதிரி கேட்கிறேன்.

அந்த மூன்றும் எந்த வகை என்பதும் முக்கியம். கடிதம் எழுதக் கடிதம்தான் வேண்டும். அதே பெரியவர் சங்கத்துக்கு எழுதிய ஆண்டறிக்கையை யாராவது கொடுத்திருந்தால், ‘மேற்படி’, ‘பொருட்டு’ என்று வேறொரு மனிதர் கிடைத்திருப்பார். மலரிலோ பத்திரிகையிலோ அச்சான கட்டுரை என்றால் இன்னொரு கை அதில் பட்டிருக்கும். உதவி ஆசிரியர் ‘வருஷ’த்தை ‘ஆண்டு’ ஆக்கியிருப்பார், ஒற்றெல்லாம் போட்டிருப்பார், இரண்டு சின்ன வாக்கியத்தை ஒன்றாக ஒட்டியிருப்பார். அச்சுக்குப் போகும் முன் இருந்த கையெழுத்துப் பிரதி கிடைத்தால் தங்கம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியவை என்று கொடுப்பதிலும் பாதி யாரோ எழுதியதை அவர் முன்னனுப்பியதாக இருக்கும். அதைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

ஒருவரின் நடையைப் பற்றி அவரே சொல்லும் விளக்கத்தை மாதிரிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா? பெரியவர் என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தார், “நான் சுருக்கமா எழுதறவன்.” மூன்று கடிதமும் இரண்டு பக்கத்துக்குக் குறையவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. வாக்கியம் சின்னதாக இருப்பதால் எழுதும்போது அவருக்குச் சுருக்கம் என்ற உணர்வு வருகிறது. ‘எளிமையா’, ‘உணர்ச்சியா’, ‘நேரடியா’ என்று வருகிறவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான். அது அவர் எப்படி எழுத விரும்புகிறார் என்பதைக் காட்டும். எழுதும்போது கை என்ன செய்கிறது என்பது அவருக்கே தெரியாது.

கை செய்வதில் பெரும்பகுதி சின்னச் சொற்களில் இருக்கிறது. இதை நிரூபித்த ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் ‘பப்லியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே என மூவர். அதில் 12 கட்டுரைகளை ஹாமில்டன் எழுதினாரா மேடிசன் எழுதினாரா என்று நெடுங்காலம் சண்டை. கருத்தை வைத்துத் தீர்க்க முடியவில்லை, இருவருக்கும் அதில் ஒரே கருத்து. வாக்கிய நீளத்தை வைத்தும் முடியவில்லை, சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. 1964இல் வெளியிட்ட ஆய்வில் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள், யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினார்கள். ‘மீது’ என்ற பொருளில் வரும் ‘அப்பான்’ என்ற ஆங்கிலச் சொல் ஹாமில்டனிடம் அடிக்கடி வந்தது, மேடிசனிடம் மிக அபூர்வம். ‘போது’ என்ற பொருளுக்கு ஒருவர் ‘வைல்’ என்றும் மற்றவர் ‘வைல்ஸ்ட்’ என்றும் எழுதினார். இப்படி எண்ணிப் பார்த்ததில் அந்த 12 கட்டுரைகளும் மேடிசன் பக்கம் சாய்ந்தன. இதில் நம் வேலைக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. யார் எழுதியது என்று சந்தேகமே இல்லாத கட்டுரைகள் இருவருக்கும் நிறைய இருந்ததால்தான் எண்ணிக்கையை ஒப்பிட முடிந்தது. அவை இல்லையென்றால் எந்தக் கணக்கும் எதையும் சொல்லியிருக்காது.

தமிழில் அந்த வேலையைச் செய்பவை ‘எனவே’, ‘ஆகவே’, ‘அதனால்’ போன்ற இணைப்புச் சொற்கள். மூன்றுக்கும் ஒரே பொருள், ஆனால் நான் பார்த்தவரை ஒருவர் மூன்றையும் கலந்து எழுதுவது அபூர்வம். பெரியவர் ‘அதனால்’ மட்டும்தான். ‘என்று’ எழுதுவாரா, ‘என’ எழுதுவாரா என்று பார்ப்பேன். அவர் ‘என்று’. ‘நான்’ என்கிறாரா ‘நாங்கள்’ என்கிறாரா என்பது அவர் கடிதத்தில் அழகாகப் பிரிந்திருந்தது. வேலை செய்ததெல்லாம் ‘போட்டோம், சமைத்தோம்’ என்று பன்மையில் இருக்கும். கேட்பதும் நம்புவதும் மட்டும் ஒருமையில். வல்லெழுத்து மிகும் இடங்களில் பாதிக்கு ஒற்றுப் போடுவார், பாதிக்கு விட்டுவிடுவார். அதை நான் பின்பற்றவில்லை. பழக்கமான பிழையை வேண்டுமென்றே அவர் பேரில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, படிப்பவர் அதை வைத்து அவரை அடையாளம் காண்பதும் இல்லை.

மாதிரி கிடைத்த பிறகும் கெட்டுப்போக ஒரு வழி இருக்கிறது. கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் அள்ளிப் போடுவது. ‘சொல்லிக்கொள்கிறேன்’ என்பது அவருக்குப் பிடித்த முடிப்பு என்று கண்டுபிடித்ததும், என் இரண்டாவது வரைவில் அது நான்கு இடத்தில் வந்துவிட்டது. திரும்பப் போய்ப் பார்த்தால் அவர் கடிதம் ஒன்றுக்கு ஒரே ஒருமுறைதான் எழுதியிருக்கிறார், அதுவும் கணக்கு சொல்லி முடிக்கும் இடத்தில். நடையில் சொல் மட்டும் போதாது, அது எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பதும் சேர வேண்டும். மூன்றை வெட்டிவிட்டேன்.

சரிபார்க்க நான் வைத்திருக்கும் வழி எளியது. தேதி, பெயர் எல்லாம் நீக்கி, பழைய கடிதங்களிலிருந்து இரண்டு பத்தி, என் வரைவிலிருந்து ஒரு பத்தி, மூன்றையும் ஒரே எழுத்துருவில் அடித்து, அவர் எழுத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எது வேற்றாள் எழுதியது என்று கேட்பது. அந்த மருமகளிடம்தான் கொடுத்தேன். வருடா வருடம் உறையில் முகவரி எழுதியவர் அவர். உடனே என் பத்தியைத் தொட்டார். “இதுல யாரும் கஷ்டப்படலையே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. போன வருடம் என்ன இடறியது என்று எனக்குத் தெரியாததால், அந்த இடத்தில் “இறைவன் அருளால் எல்லாம் நல்லபடியாக நடந்தது” என்று எழுதியிருந்தேன். வாக்கியம் சின்னது, சொல் அவருடையது, ‘அதனால்’கூட ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் அந்த நடை நிற்பதே ஒரு நிஜமான சம்பவத்தின் மேல். மாதிரிகளில் எத்தனை இருந்தாலும் இந்த வருடச் சம்பவம் அதில் இருக்காது. அதை நான் கற்பனை செய்து எழுதவும் கூடாது. பந்தலில் நின்றவர்கள் படிக்கும் கடிதம், பணம் கேட்கும் கடிதம்.

மறுபடி அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், போன தடவை எது சொதப்பியது என்று. கால் மணி நேரம் பேசினார். தண்ணீர் லாரி வராமல் போனது, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் குடத்தில் சுமந்து கொண்டுவந்தது, சாம்பார் மதியம் ஒரு மணிக்குத்தான் இறங்கியது. அதுவரை அவரைப் பற்றி எனக்குத் தெரியாத எத்தனையோ அந்தக் கால் மணி நேரத்தில் வந்தன. வந்து உட்கார்ந்து முதல் பத்தியை ஒரே மூச்சில் எழுதினேன்.

எல்லாருக்கும் வில்லியனூர் டீச்சர் கிடைப்பதில்லை. ஒரு மாதிரியும் கிடைக்காத வேலைகள் எனக்கு வருகின்றன. அப்போது அவருடைய நடையில் எழுதியதாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அலங்காரம் எதுவும் சேர்க்காமல், வெறும் தெளிவான தமிழில் ஒரு முதல் பத்தியை இரண்டு விதமாக எழுதி, மேலே நான் எதை எதை ஊகித்தேன் என்று குறிக்கிறேன்: ‘நீங்கள்’ என்று போட்டிருக்கிறேன், ‘ஆண்டு’ என்று போட்டிருக்கிறேன், விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கிறேன், மாற்ற வேண்டுமென்றால் பேனாவால் அடித்து மேலேயே எழுதுங்கள் என்று. “எப்படி இருக்கிறது” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. கையில் பேனாவைக் கொடுத்தால் அடிக்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் அடித்துவிட்டு மேலே எழுதும் அந்தப் பத்துப் பதினைந்து சொல்தான் எனக்குக் கிடைக்கும் முதல் மாதிரி. சில சமயம் அடித்து அடித்து ஒரு முழுப் பத்தியை அவர்களே எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு வேலை சுலபம்.

பெரியவருக்கு மூன்றாவது வரைவை மருமகள்தான் படித்துக் காட்டினார். தண்ணீர் லாரியைப் பற்றிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். நான் ‘பிள்ளைகள் உதவினார்கள்’ என்று எழுதியிருந்தேன். “உதவினாங்கன்னா யாரோ மாதிரி இருக்கு. ‘கூட நின்றார்கள்’னு போடுங்க” என்றார். மாற்றினேன். கையெழுத்துப் போடக் காகிதத்தை வாங்கியவர், பேனாவை இரண்டு கையாலும் பிடித்து, பெயருக்கு மேலே கோணல் மாணலாக இன்னொரு வரியைத் தானே எழுதினார்:

“இந்த வருஷம் லாரிக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிட்டோம்.”